போர்டுல டார்க் மோட், மண்டில சாக்பீஸ் கணக்கு

காவேரிப்பட்டணத்தான்:
போன மாங்கா சீசன் கதை, இன்னும் உறுத்துது. மண்டி பில்லிங் சாஃப்ட்வேர் பண்றோம், நாலே பேர். கடைக்காரங்க வேணுங்கிற வசதியைக் கேட்டு ஓட்டுப் போடுற போர்டுல 38 ஓட்டோட டார்க் மோட் முதல்ல நின்னுச்சு. மூணு வாரம் அதுக்கே போச்சு. மே மாசம் பிரிண்டர் தகராறுன்னு ஒரு மண்டிக்குப் போனேன். பெங்களூரா மாங்கா லோடு இறங்குது. கணக்குப்பிள்ளை 212 கிரேட், காலி கிரேட் ஒண்ணுக்கு ஒண்ணே முக்கால் கிலோன்னு சாக்பீஸால சுவத்துல பெருக்கி, 371 கிலோ கழிச்சுட்டு, அப்புறம்தான் எங்க பில்லுல ஏத்துறார். "இதைத்தானேப்பா போர்டுல கேட்டேன்"ங்கிறார்.

வந்து தேடுனா இருக்கு, மூணு தலைப்புல. 'டேர் எடை' 9, 'கிரேட் கழிவு' 7, 'நிகர எடை தானா வரணும்' 4. ஒண்ணா சேர்த்தா 20 வரல, 14தான். ஆறு பேர் ரெண்டு இடத்துல குத்தியிருக்காங்க. ஆனா 14 பேரும் 14 மண்டி. டார்க் மோடுக்கு விழுந்த 38ல 23 ஒரே கடை ஆபீஸ் பசங்க. மொத்தமே அஞ்சு கடை!

ஓசூர்_சப்போர்ட்:
ஓட்டே வேஸ்ட் தம்பி. எவன் அதிக சந்தா கட்டுறானோ அவன் கேட்டதைச் செய்யுங்க.

காவேரிப்பட்டணத்தான்:
அண்ணே, அந்த 23 பேர் கடைதான் எங்ககிட்ட அதிக சந்தா கட்டுது.

பென்னாகரம்_புளி:
நான் வாங்குற பக்கம். என் புளிக்கடை சாஃப்ட்வேர்ல பாக்கி நினைவூட்டல் கேட்டேன். ரெண்டு வருஷமா Planned-னே நிக்குது. Planned-னு மெயில் வந்த அன்னிக்கே நோட்டுப் புத்தகத்தை பரண்ல போட்டேன். திரும்ப இறக்கியாச்சு.

தொப்பூர்_கணவாய்:
புளிக்கடைக்காரர் சொல்றதுதான் நிஜமான கோளாறு. நிலையை Planned ஆக்குனதும் ஓட்டுப் போட்ட எல்லாருக்கும் மெயில் பறக்கும். எங்க ஆள் ஒருத்தர் மீட்டிங்ல ஆர்வத்துல அதை அழுத்திட்டு, மூணு மாசம் போன்ல திட்டு வாங்கினார். செய்ய ஆள் யாரு, எந்த மாசம்னு முடிவாகுற வரைக்கும் நாங்க இப்ப Under Review விட்டு நகர்த்துறதில்லை. அதுக்கு முன்னாடி ஓட்டுப் போட்டவங்கள்ல நாலு கடைக்கு போன் போட்டு ஒரே கேள்வி: "இப்ப இதை எப்படி சமாளிக்கிறீங்க?" சாக்பீஸ், தனி எக்செல், அதுக்குன்னு ஒரு ஆள்னு பதில் வந்தா வேலை வரிசைக்குப் போகும். "சும்மா, இருந்தா நல்லாருக்கும்"னா போகாது. செய்யப் போறதில்லைன்னா காரணம் எழுதி மூடிடுவோம். ரெண்டு நாள் திட்டுவாங்க, அவ்வளவுதான். ஓசூர் அண்ணன் சொல்ற சந்தாக் கணக்கை அதுக்கப்புறம் பார்க்கலாம், அதுவும் ரெண்டு கோரிக்கை சமமா நின்னா மட்டும்.

ஓசூர்_சப்போர்ட்:
நாலு கடைக்கு போன் போட ஆள் யார் கொடுப்பா? சீசன்ல மண்டிக்காரர் போனே எடுக்க மாட்டார்.

காவேரிப்பட்டணத்தான்:
அது நிஜம். மண்டிக்காரங்க போர்டையே திறக்க மாட்டாங்க. அதனால இப்ப சப்போர்ட் பையனே அவங்க போன்ல சொல்றதைக் கேட்டு அவங்க பேர்ல ஓட்டுப் போடுறான். அதுல என்னன்னா, அவனுக்குப் பிடிச்ச கடைகளோட கோரிக்கை மட்டும் மேலே ஏறுது.