நான்கு வாசல், ஒரு சீட்டு: ‘சிங்க்’ என்பதற்குச் சொல் வேண்டும்

மதுரையிலிருந்து:
வணக்கம். எங்கள் கண்காட்சிக்கு நான்கு வாசல். ஒன்றில் ஸ்கேன் செய்த சீட்டை மற்ற மூன்றும் அந்த நொடியே மறுக்க வேண்டும். வாசலில் நிற்கும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை பயிற்சி. வெள்ளிக்குள் கையேடு தர வேண்டும். ‘நிகழ்நேர ஒத்திசைவு’ என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

தஞ்சையிலிருந்து:
பொருந்தாது அம்மா. இசைதல் என்றால் உடன்படுதல். நாகசுரத்துக்கு ஒத்து ஊதுபவர் சுருதியைப் பிடித்து நிற்க, எல்லோரும் அதில் சேர்வார்கள். உங்கள் வாசல்களோ ஒன்று ‘வா’ என்றதும் மற்றவை ‘போ’ என்கின்றன. சீட்டுக்கு ‘முறி’ என்ற நல்ல சொல் இருக்கிறது. முறித்தலும் அதே வேர்தான். குறளின் ‘முறிமேனி’யில் முறி என்றால் தளிர், கிள்ளினால் முறிவதால் வந்த பெயர் என்பது என் துணிபு. ஆகவே ‘முறிமுறிப்பு’.

யாழ்ப்பாணத்திலிருந்து:
ஐயா, எங்களுக்கு முறி என்றால் அரசு கடன் பத்திரமான திறைசேரி முறிதான். வாசலில் நிற்கும் பிள்ளை குழம்பிப்போகும்.

சேலத்திலிருந்து:
நெட் வேகமாக இருந்தால் இந்தச் சிக்கலே வராதே?

கோவையிலிருந்து:
வேகம் இடைவெளியைக் குறைக்கும், மூடாது. ஒரே க்யூஆர் படத்தை இரண்டு நண்பர்கள் இரண்டு வாசலில் ஒரே நேரத்தில் காட்டுகிறார்கள். இரண்டு ஸ்கேனரும் ‘பயன்படுத்தியாயிற்றா?’ என்று சர்வரைக் கேட்கின்றன. இருவருக்கும் ‘இல்லை’ என்று பதில் வந்தபிறகுதான் இரண்டும் குறித்துவைக்கின்றன. இருவரும் உள்ளே! அதனால் கேட்பதையும் குறிப்பதையும் ஒரே கட்டளையாக்க வேண்டும்:

```
UPDATE tickets SET used_at = now()
WHERE id = 4172 AND used_at IS NULL;
```

ஒரு வரி மாறினால் திற. ஒன்றும் மாறாவிட்டால் வேறொருவர் முந்திவிட்டார். பிறகு சேதி பரப்புவது முக்கியமில்லை. தீர்ப்பு ஓரிடத்தில் நடப்பதே முக்கியம். எனக்கு ‘முந்துரிமை’ பிடித்திருக்கிறது.

சேலத்திலிருந்து:
எங்கள் ஊர்த் தியேட்டரில் சீட்டைப் பாதி கிழித்துத்தான் உள்ளே விடுவார்கள். ‘கிழித்தாயிற்று’ என்று போடுங்களேன்.

கோவையிலிருந்து:
அருமை அண்ணா! க்யூஆர் படம் கிழியாது. அந்தக் கிழிசலைத்தான் சர்வரில் வைக்கிறோம். நெட் போனால் கிழிசல் கண்ணுக்குத் தெரியாது. அதனால் சீட்டிலேயே வாசல் எண்ணை அச்சிடுங்கள். இணைப்பு அறுந்த வாசல், அதற்குமுன் உள்ளே போன சீட்டுகளின் பட்டியலைக் கருவியில் வைத்துக்கொண்டு, தன் எண் உள்ள புதுச் சீட்டை மட்டும் ஏற்று, தன் கருவியிலேயே குறித்துக்கொள்ளட்டும். அங்கே ஒரே ஸ்கேனர்தான் இருக்க வேண்டும். இணைப்பு திரும்பி அந்தக் குறிப்புகள் சர்வரில் சேரும்வரை அந்த எண்ணை மற்ற வாசல்கள் ஏற்கக்கூடாது.

தஞ்சையிலிருந்து:
‘கிழித்தாயிற்று’ கொச்சை. ‘முந்துரிமை’ முன்னுரிமையோடு மயங்கும்.

மதுரையிலிருந்து:
வெள்ளி இரவு ஆகிவிட்டது. கையேட்டில் இப்போதைக்கு ‘ஒத்திசைவு’ இருக்கட்டும். திரையில் கலைச்சொல்லே இல்லை: ‘வாசல் 2-இல் மாலை 6.10-க்கு உள்ளே போன சீட்டு’. வாசலில் வாதாடுபவருக்குக் காட்ட அதுதான் உதவும். இணைப்பு அறுந்த நிலைக்கு மட்டும் இன்னும் சொல் இல்லை. ‘தனித்த வாசல்’ சரிவருமா?

தஞ்சையிலிருந்து:
அது சரி. ‘ஒத்திசைவு’க்கு என் மறுப்பு அப்படியே நிற்கிறது.