நிலாவெளி ஷெட் கணக்கு: "காற்று தேவையில்லை" என்று எழுதியது சரியா?

உவர்மலையான்:
பயிற்சிக்கு வந்த தம்பி ஒருவர் நிலாவெளிக் கரையில் போடும் படகு ஷெட்டுக்குக் கணக்குத்தாள் தந்திருக்கிறார். அகலம் 6 மீட்டர், 3 மீட்டருக்கு ஒரு தூண், தகரக் கூரை. தாள் துப்புரவாகத்தான் இருக்கிறது, ஆனால் காற்று மூன்றே வரியில் முடிந்து, "கூரை எடையை ஒட்டியே வருகிறது, தேவையில்லை" என்று விட்டிருக்கிறார். எனக்கு அது உறுத்துகிறது, யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

```
V = 49 x 0.88 = 43.1 m/s
q = 0.613 V² = 1140 N/m² = 0.114 kN/m²
uplift = 1.2 q = 0.137, dead = 0.10
```

மூதூர்த் தம்பி:
அண்ணா, கரையோரம் என்றால் பேர்லினை ஒரு சைஸ் கூட்டிவிடுங்கள், பிரச்சினை முடிந்தது.

கட்டடக்காரி:
இரண்டாவது வரியைப் பாருங்கள். 1140 நியூட்டன் என்பது 1.14 கிலோநியூட்டன், 0.114 இல்லை. வினாடிக்கு 43 மீட்டர் காற்றுக்கு அழுத்தம் 1 கிலோநியூட்டனுக்குக் கீழே வந்தாலே தாளை நிறுத்திப் பார்க்க வேண்டும். அந்த ஒரு புள்ளி இடம் மாறியதால்தான் கூரையைத் தூக்கும் நிலையே கணக்கிலிருந்து போய்விட்டது. உண்மையில் சதுர மீட்டருக்கு 1.37 தூக்குகிறது, கூரை எடை 0.10 மட்டும்.

தம்பி சொன்ன பேர்லின் விஷயம் பாதி சரி. காற்று தூக்கும்போது பேர்லினின் கீழ் விளிம்பு அமுக்கத்துக்கு வரும், தகரம் பிடித்திருப்பதோ மேல் விளிம்பை, அதனால் சைஸ் கூட்டினாலும் கீழ் விளிம்பு பக்கவாட்டில் நெளியுமா என்று தனியே பார்க்க வேண்டும். அப்புறம் தூண். ஒரு தூணுக்கு 9 சதுர மீட்டர் கூரை, ஏறத்தாழ 11 கிலோநியூட்டன் மேலே இழுக்கும். அத்திவாரம் என்ன அளவு?

உவர்மலையான்:
600 மி.மீ. சதுரம், 300 தடிப்பு, மேலே 600 மண்.

கட்டடக்காரி:
கொங்கிரீட் 2.6, மேலே உள்ள மணல் 3.5 அளவில், மொத்தம் 6 தான், அதுவும் காய்ந்த மணலுக்கு. புயல் வருவது நவம்பர், டிசம்பரில், அப்போதுதான் நிலத்தடி நீரும் மேலே வந்து அந்த எடையில் ஒரு பங்கைத் தின்றுவிடும். 1.4 பாதுகாப்புக் காரணியை நான் இன்னும் போடவே இல்லை.

உப்புவெளி வாசி:
எங்கள் வீட்டுத் தகரம் காற்றுக்கு அடிக்கடி தடதடக்கிறது, ஆணியை மாற்றி ஸ்க்ரூ போட்டால் நிற்குமா?

கட்டடக்காரி:
ஓரத்து வரிசையில் ஸ்க்ரூவை நெருக்கிப் போடுங்கள் ஐயா, தூக்கு அங்கேதான் கூட. ஆனால் பேர்லின் மரம் உக்கியிருந்தால் ஸ்க்ரூவும் பிடிக்காது, முதலில் அதைப் பாருங்கள்.

உவர்மலையான்:
தம்பியிடம் காட்டினேன் அக்கா, திருத்துகிறார். அந்த 1.2 எப்படி வந்தது என்று கேட்டேன், கதவுகள் மூடியிருக்கும் என்று எடுத்தாராம். படகு ஷெட்டுக்கு முன்பக்கம் திறந்தே இருக்கும் போலிருக்கிறது, உரிமையாளர் இன்னும் முடிவு சொல்லவில்லை.

கட்டடக்காரி:
திறந்த பக்கத்தால் காற்று உள்ளே புகுந்தால் கூரையைக் கீழிருந்தும் தள்ளும், 1.2 போதாது. அவரிடம் எழுத்தில் வாங்குங்கள், அதுவரை அத்திவாரம் வெட்ட விடாதீர்கள்.