சுண்ணாம்பு போட்டால் உருளைக்கிழங்கு குறையுமா? நாலு கூட்டுத்தொகையில் நான் மாட்டிய கதை

கேத்தி மாணவி

நடந்ததை அப்படியே சொல்கிறேன், சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். கேத்திப் பக்கம் ஒரு தோட்டத்தில் உருளைக்கிழங்கு ட்ரயல் போட்டேன். இங்கே மண் புளிப்பு, பாஸ்பேட் போட்டால் இரும்பும் அலுமினியமும் அதைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன, அதனால் சுண்ணாம்போடு சேர்த்துப் போட்டால்தான் செடிக்குக் கிடைக்குமா என்று பார்க்க ஆசை. நாலு ட்ரீட்மென்ட்: ஒன்றும் போடாதது, சுண்ணாம்பு மட்டும், சூப்பர் பாஸ்பேட் மட்டும், இரண்டும். மலைச்சரிவில் மேல்படிக்கும் கீழ்ப்படிக்கும் மண்ணே வேறு என்பதால் ஒவ்வொரு படியையும் ஒரு பிளாக்காக வைத்து, நாலு படியிலும் நாலு ட்ரீட்மென்டையும் குலுக்கிப் போட்டேன். 16 பாத்தி, ஒவ்வொன்றும் 3 மீட்டருக்கு 3 மீட்டர்.

நாலு பிளாக்கையும் கூட்டியதில் ஒன்றும் போடாதது 56 கிலோ, சுண்ணாம்பு 60, பாஸ்பேட் 64, இரண்டும் 92. கூட்டிக் கழிக்கும் முறையில் கையாலேயே கணக்குப் போட்டேன். சுண்ணாம்பின் விளைவு பாத்திக்கு மைனஸ் 3 கிலோ என்று வந்தது! பாஸ்பேட் 5. இரண்டும் சேரும்போது ஒன்றின் பலனை மற்றது மாற்றும் இடைவினை மைனஸ் 4. அன்று இரவு முழுக்க "சுண்ணாம்பு இந்த மண்ணுக்கு ஆகாது" என்று ரிப்போர்ட்டில் ஒரு பத்தியே எழுதி வைத்திருந்தேன். மறுநாள் தோட்டக்கார அண்ணன் கேட்டார், "ஏம்மா, சுண்ணாம்பு போட்ட பாத்தியில்தானே மூட்டை கனமா இருந்துச்சு?" அப்போதுதான் பொறி தட்டியது, ஆனால் எங்கே தப்பு என்று பிடிபடவில்லை. யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

குன்னூர், ஓய்வுபெற்றவர்

நடந்திருக்கிறதாவா? நான் மாணவனாக இருந்தபோதே நடந்தது. ஒன்று சொல்லும்மா, நோட்டில் எந்த வரிசையில் எழுதியிருந்தாய்? பாத்திக் குச்சியில் 1, 2, 3, 4 என்று எண் போட்டிருப்பாய், அதில் மூன்றாவது "இரண்டும்" தானே?

கேத்தி மாணவி

ஆமாம் சார்! ஒன்றுமில்லை, சுண்ணாம்பு, இரண்டும், பாஸ்பேட். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

குன்னூர், ஓய்வுபெற்றவர்

உன் எண்களே சொல்லிவிட்டன. இந்த முறை புள்ளியியலாளர் யேட்ஸ் 1937-ல் வெளியிட்டது, அவர் அப்போது இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் இருந்தார். இதில் கூட்டுத்தொகைகளை ஒரு குறிப்பிட்ட வரிசையில்தான் எழுத வேண்டும். அந்த வரிசையை மாற்றினால் முறை கண்ணை மூடிக்கொண்டு வேறு எதையோ கணக்கிடும். சுண்ணாம்பு a, பாஸ்பேட் b என்றால் வரிசை இப்படித்தான்:

```
(1)  56   116   272
a    60   156    32
b    64     4    40
ab   92    28    24
```

இரண்டாம் நிரலில் மேல் பாதி ஜோடிகளின் கூட்டல், கீழ்ப் பாதி இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தது. மூன்றாம் நிரலுக்கும் அதே வேலைதான். 272 மொத்தம், 32 சுண்ணாம்பு, 40 பாஸ்பேட், 24 இடைவினை. நாலு ரெப்ளிகேஷன் என்பதால் 8-ஆல் வகுத்தால் 4, 5, 3. நீ கடைசி இரண்டையும் இடம் மாற்றியதால் இடைவினை சுண்ணாம்பின் இடத்திலும், சுண்ணாம்பு இடைவினையின் இடத்திலும் போய் உட்கார்ந்துவிட்டன, குறியும் மைனஸாகிவிட்டது. பாஸ்பேட்டுக்கு மட்டும் சரியான விடை வந்ததுதான் உன்னை ஏமாற்றியது.

இதில் மோசம் என்னவென்றால் வழக்கமான சரிபார்ப்பு எதிலும் இது மாட்டாது. மொத்தம் 272 அப்படியே வரும். வர்க்கங்களை 16-ஆல் வகுத்துக் கூட்டிப் பார், சரியான வரிசையில் 64, 100, 36, மொத்தம் 200. தப்பான வரிசையில் 36, 100, 64, அதுவும் 200. தோட்டக்காரர் செய்ததுதான் உண்மையான சரிபார்ப்பு. பாஸ்பேட் இல்லாதபோது சுண்ணாம்பால் 60 கழித்தல் 56, இருக்கும்போது 92 கழித்தல் 64. இரண்டும் கூடுதல், அப்புறம் சராசரி எப்படி மைனஸாகும்?

மூன்றாம் வருஷ பிஎச்டி

ஒரு திருத்தம். இடைவினை 3 இல்லை, 6. பாத்திச் சராசரி 14, 15, 16, 23. பாஸ்பேட் இல்லாமல் சுண்ணாம்பு 1 கிலோ தருகிறது, பாஸ்பேட்டோடு 7 கிலோ. வித்தியாசம் 6 தானே? அப்புறம், இடைவினை இருந்தால் முதன்மை விளைவைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும், அந்த 4-க்கு அர்த்தமே கிடையாது.

குன்னூர், ஓய்வுபெற்றவர்

தம்பி, பாதி சரி. 6 என்பது வித்தியாசம், அதில் பாதியை இடைவினை என்று எழுதுவது வழக்கம். காரணம் சோம்பேறித்தனம் இல்லை. பாதியாக்கினால் மூன்று விளைவுக்கும் ஒரே திட்டப்பிழை வரும். இந்தப் பொண்ணுக்குப் பிழை வர்க்கச் சராசரி என்ன வந்தது?

கேத்தி மாணவி

4 சார், 9 டிகிரி ஆஃப் ஃப்ரீடத்தில்.

குன்னூர், ஓய்வுபெற்றவர்

அப்போ 4-ஐ ரெப்ளிகேஷன் 4-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் திட்டப்பிழை 1 கிலோ. 9 டிகிரி ஆஃப் ஃப்ரீடத்துக்கு டி அட்டவணையில் 5 சதவீதத்துக்கு 2.26. இடைவினை 3, தாண்டிவிட்டது. 6 என்று எழுதிவிட்டு 1 கிலோ திட்டப்பிழையோடு ஒப்பிட்டால்தான் கெட்டது, அதற்குப் பிழையும் இரண்டு மடங்கு.

தூக்கிப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. 4 பொய் இல்லை, 1-க்கும் 7-க்கும் சராசரி. ஆனால் அதை மட்டும் எழுதினால் "சுண்ணாம்பு போடு, 4 கிலோ கிடைக்கும்" என்று விவசாயி நினைப்பார், பாஸ்பேட் இல்லாமல் போட்டுவிட்டு வந்து உன்னைத் திட்டுவார். தனித்தனி வித்தியாசத்துக்கு திட்டப்பிழை 1.41, அதனால் அந்த 1 கிலோ இருக்கிறது என்றே சொல்ல முடியாது. 7 நிச்சயம் இருக்கிறது. நாலு சராசரியையும் அட்டவணையாகப் போடு, அதற்குக் கீழே இதை எழுது.

மூன்றாம் வருஷ பிஎச்டி

சரி சார், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சதவீதமாகப் பார்த்தால் இடைவினை காணாமல் போகவும் வாய்ப்பு உண்டே? சுண்ணாம்பு 7 சதவீதம் கூட்டுகிறது என்றால் 16 கிலோவுக்கு 17 சொச்சம்தான் வரவேண்டும், வந்ததோ 23. இங்கே தப்பித்தது, எல்லா இடத்திலும் தப்பிக்காது. எந்த அளவுகோலில் பார்ப்பது என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை.

பூம்பாறை பூண்டு

நானும் ஒரு தரம் போட்டேன், எங்கள் பூண்டில். ஒன்றுமில்லாதது, சுண்ணாம்பு, பாஸ்பேட், மூன்றே பாத்தி. இரண்டும் சேர்த்துப் போட இடம் இல்லை, உரமும் மிச்சமாகட்டும் என்று விட்டுவிட்டேன். இரண்டும் தனித்தனியாகக் கொஞ்சம்தான் தந்தது, எனவே சேர்த்தாலும் கொஞ்சம்தான் என்று முடிவு கட்டினேன். என் கணக்கில் இடைவினை எவ்வளவு சார்?

குன்னூர், ஓய்வுபெற்றவர்

ஐயா, நாலாவது பாத்தியே இல்லாமல் நான் எங்கிருந்து எடுப்பது! உங்கள் முறையில் இந்தப் பொண்ணுக்கு 56, 60, 64 மட்டும் இருந்திருந்தால், இரண்டும் போட்டால் 68 என்று ஊகித்திருப்பாள். வந்தது 92. அந்த 24 கிலோதான் இடைவினைக் கூட்டுத்தொகை, அதை ஊகித்து எடுக்க முடியாது.

தேயிலைத் தோட்டத்து அண்ணன்

கணக்கு எல்லாம் இருக்கட்டும், எவ்வளவு சுண்ணாம்பு போட்டம்மா? உருளையில் சுண்ணாம்பு கூடினால் தோலில் சொறி வருமே, என் மாமா அதில் நொந்தவர். கிலோ கூடி விலை விழுந்தால் என்ன பண்ணுவது?

கேத்தி மாணவி

அண்ணா, அதை நான் எண்ணவே இல்லை. எடை மட்டும் எடுத்தேன். மூட்டை எல்லாம் மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய் ஒரு வாரம் ஆகிவிட்டது.