1 மணி நேரத் திரை பிள்ளையின் கண்ணைக் காப்பாற்றுமா?

நிரோஷினி, வெள்ளவத்தை
முன்பள்ளியில் பெற்றோருக்கு நடந்த கூட்டத்தில் பேசிய டொக்டர், நாளொன்றுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்றார். மகனுக்கு நாலரை வயது. அந்த 1 மணி நேரத்தோடு நிறுத்தினால் கண் பழுதாகாதா? ஐந்தாம் மாடியில் இருக்கிறோம். நாங்கள் இருவரும் வேலைக்குப் போவதால் பகலில் அம்மம்மாதான் பார்த்துக்கொள்கிறார்.

சிவகுமார், கொட்டாஞ்சேனை
1 மணி நேரமே அதிகம், தங்கச்சி. ஐந்து வயது வரை கைப்பேசியை வீட்டில் பிள்ளையின் கண்ணில் காட்டவே கூடாது. எங்கள் தெருவில் முதலாம் வகுப்புப் பிள்ளைகள் கண்ணாடியோடு வேனில் ஏறுவதைத் தினமும் பார்க்கிறேன். நாங்கள் படித்த காலத்தில் வகுப்புக்கு ஒருவர்தான் கண்ணாடி போட்டிருப்பார். இடையில் வந்தது இந்தக் கைப்பேசி ஒன்றுதான்.

துஷாந்தி
அரசாங்க வைத்தியசாலை ஒன்றில் பிள்ளைகளின் கண்ணாடி அளவு பார்க்கும் வேலையில் இருக்கிறேன். அந்த 1 மணி நேரம் உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. 2 முதல் 4 வயது வரை 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், 2 வயதுக்கு முன் வேண்டவே வேண்டாம் என்கிறது. ஆனால் அந்த வழிகாட்டி எழுதப்பட்டது பிள்ளைகளின் ஓட்டம் ஆட்டத்துக்கும், உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கும், நித்திரைக்கும். கண்ணை அளந்து எடுத்த எண் அல்ல அது. அதைக் கடைப்பிடியுங்கள், நல்லதுதான். ஆனால் 59 நிமிடத்தில் நிறுத்தியதால் கண் தப்பியது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

அந்தப் பிள்ளைகள் கண்ணாடி போடுவது பெரும்பாலும் குறும்பார்வைக்கு, அதாவது தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரிவதற்கு. அதில் நடப்பது கண்விழி முன்பின்னாகத் தேவைக்கு மேல் நீள்வது. ஒருமுறை நீண்டால் திரும்பச் சுருங்காது. அந்த நீட்சியைப் பின்னுக்குத் தள்ளுவதில் நன்றாக நிரூபிக்கப்பட்டிருப்பது வெளி வெளிச்சம். சீனாவின் குவாங்சோவில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு பகுதியினரைப் பாடசாலையிலேயே தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்று வருடத்தில் அவர்களில் சுமார் 30 வீதத்தினருக்குக் குறும்பார்வை வந்தது. வழமைபோல் இருந்தவர்களில் சுமார் 40 வீதத்தினருக்கு வந்தது. முடிவு 2015இல் வெளியானது. அந்தச் சோதனையில் யாருடைய திரையையும் யாரும் பறிக்கவில்லை.

சிவகுமார், கொட்டாஞ்சேனை
அப்படியானால் வெளியே விட்ட பிள்ளைகளிலும் நூற்றுக்கு 30 பேருக்கு வந்திருக்கிறதே! அதற்கு என்ன பதில்? கைப்பேசியைப் பிடுங்கியிருந்தால் அதுவும் குறைந்திருக்கும்.

துஷாந்தி
குறைந்திருக்கலாம், அண்ணா. முழுமையான காவல் என்று நான் சொல்லவில்லை. தாய்க்கும் தகப்பனுக்கும் குறும்பார்வை இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்புக் கூடுதல், அதை எந்த வெயிலும் அழிக்காது. ஆனால் கைப்பேசி வருவதற்கு முன்பே சிங்கப்பூரிலும் தாய்வானிலும் பாடசாலைப் பிள்ளைகளில் குறும்பார்வை மலிந்துவிட்டது. அங்கே அப்போது இருந்தது புத்தகமும் டியூஷனும். இங்கே புலமைப்பரிசில் பரீட்சைக்காகப் பகல் முழுவதும் கொப்பியில் குனிந்திருக்கும் பிள்ளையின் கண்ணும் கிட்டப் பார்க்கும் அதே வேலையைத்தான் செய்கிறது.

பரமேஸ்வரன், தெஹிவளை
பேரனுக்கு நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டு எவ்வளவு நேரமும் பார்க்கலாம் என்று கடையில் சொன்னார்கள். தொலைக்காட்சிதான் கூடாது, அது பெரிய திரை.

துஷாந்தி
ஐயா, அந்தக் கண்ணாடி குறும்பார்வையைத் தடுக்கும் என்பதற்குச் சான்று கிடையாது. திரையில் வரும் நீல ஒளி வெளியே வானத்திலிருந்து வருவதில் மிகச் சிறு பங்குதான். தொலைக்காட்சி விடயத்திலும் நிலைமை தலைகீழ். கைப்பேசியைப் பிள்ளைகள் 20 சென்ரிமீற்றரில் பிடிப்பார்கள், படுத்துக்கொண்டால் இன்னும் கிட்ட. 2 மீற்றரில் இருக்கும் தொலைக்காட்சியைப் பார்க்கக் கண் போடும் முயற்சியைப் போல் 10 மடங்கு அங்கே தேவை. அதே காட்டூனைச் சுவரில் உள்ள தொலைக்காட்சியில் போட்டாலே கண்ணின் சுமை பெரும்பாலும் இறங்கிவிடும்.

ரிஸ்வான், தெமட்டகொடை
டொக்டர்மாருக்குச் சொல்வது சுலபம். முன்பள்ளி விட்டுப் பிள்ளை வரும்போது நடுப்பகல் வெயில் மண்டையைப் பிளக்கிறது. மாலையில் நுளம்பு. எங்கே கொண்டுபோய் விடுவது? காலிமுகத் திடலுக்குத் தினமும் போக யாரிடம் நேரம் இருக்கிறது?

நிரோஷினி, வெள்ளவத்தை
ரிஸ்வான் அண்ணா சொல்வதுதான் என் நிலையும். கடற்கரை கிட்டத்தான், ஆனால் ரயில் பாதையைத் தாண்டவேண்டும். முழங்கால் வலியோடு அம்மம்மாவால் முடியாது. மகன் இப்போது சாப்பிடும்போது அரை மணி நேரம், பின்னேரம் 3 மணியிலிருந்து 5 மணி வரை டேப்லட் பார்க்கிறான். எல்லாம் கட்டிலில் சாய்ந்தபடி.

துஷாந்தி
கொளுத்தும் வெயில் தேவையில்லை. மர நிழலில்கூட வீட்டு அறையைப் போல் 10 மடங்கு வெளிச்சம் இருக்கும். அறை மின்விளக்கின் கீழ் எவ்வளவு ஓடினாலும் அந்த வெளிச்சம் கிடைக்காது. நாளுக்கு 2 மணி நேரம் என்பது நல்ல இலக்கு, தாய்வானில் 2010 முதல் பாடசாலைகளுக்கு அதைத்தான் வைத்தார்கள். ஒரே தடவையில் எடுக்கவேண்டியதில்லை.

உங்கள் வீட்டுக்கு இப்படிச் செய்து பாருங்கள், தங்கச்சி. காலையில் முன்பள்ளிக்கு அரை மணி நேரம் முந்திக் கொண்டுபோய் முற்றத்தில் விளையாட விடுங்கள். இடைவேளையைத் திறந்த வெளியில் கொடுக்கும்படி ஆசிரியையிடம் கேளுங்கள், அதுவும் அரை மணி. பின்னேரம் நாலேகாலிலிருந்து ஐந்தரை வரை கீழே வாகனம் நிறுத்தும் திறந்த இடத்தில் அம்மம்மா கதிரை போட்டு உட்காரட்டும், வாகனம் உள்ளே வரும் பக்கத்தை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். மொட்டை மாடி வேண்டாம், கைப்பிடிச் சுவரைப் பிள்ளை ஏறுவான். நீண்ட கை கால் உடுப்பும் நுளம்புக் களிம்பும் போதும். கூட்டினால் இரண்டேகால் மணி நேரம் வரும்.

திரையைச் சாப்பாட்டு மேசையிலிருந்து முதலில் எடுங்கள். மீதி 1 மணி நேரத்தை மதியத் தூக்கத்துக்குப் பின் அரை மணி, இரவுக் குளிப்புக்கு முன் அரை மணி என்று தொலைக்காட்சியில் கொடுங்கள். அப்பாவுடன் வீடியோவில் பேசுவதை இதில் சேர்க்கத் தேவையில்லை.

சிவகுமார், கொட்டாஞ்சேனை
வெளியே அனுப்புவது நல்லதென்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டேப்லட் கையில் இருந்தால் எந்தப் பிள்ளை கீழே இறங்கும்? அதற்காகவே நான் முழுத் தடை என்கிறேன்.

துஷாந்தி
அந்த வாதம் நியாயமானது. திரை நேரடியாகக் கண்ணை நீட்டுகிறதா, வெளியே போகும் நேரத்தைத் தின்பதால் நீள்கிறதா என்று துறைக்குள்ளேயே இன்னும் தர்க்கம் நடக்கிறது.

திலகா, பம்பலப்பிட்டி
மகளுக்கு 5 வயது. கண்ணாடிக் கடையில் இயந்திரத்தில் பார்த்து இரண்டு கண்ணிலும் மைனஸ் 0.75 என்று சீட்டுக் கொடுத்தார்கள். கண்ணாடிக்கும் முற்பணம் வாங்கிவிட்டார்கள். தொலைக்காட்சியில் எழுத்தெல்லாம் தூரத்திலிருந்தே சரியாகச் சொல்கிறாள். போடவேண்டுமா?

துஷாந்தி
போடவேண்டாம் அக்கா, முதலில் சொட்டு மருந்து விட்டு அளக்கவேண்டும். சின்னப் பிள்ளை இயந்திரத்துக்குள் பார்க்கும்போது கண்ணை இறுக்கிக் கிட்டக் குவிக்கும். இல்லாத மைனஸ், அதாவது இல்லாத குறும்பார்வை, அதனால் சீட்டில் விழும். மருந்து அந்த இறுக்கத்தை அவிழ்த்துவிடும். நாங்கள் மருந்து விட்டு அளக்கும்போது இப்படி மைனஸ் என்று வந்த பிள்ளைகள் பலர் பிளஸ், அதாவது தூரப்பார்வைப் பக்கத்தில் நிற்பார்கள். 5 வயதில் அதுதான் இயல்பு. 6 வயதில் அந்த பிளஸ் 0.75க்குக் கீழே இறங்கியிருந்தால், பார்வை தெளிவாக இருந்தாலும் குறும்பார்வை வரப்போகிறதென்று எச்சரிக்கையாகிறோம். அதனால் எண்ணை எழுதி வாங்கி வைத்திருங்கள், அடுத்த வருடம் ஒப்பிட உதவும்.

வீட்டில் இன்னொன்றும் பாருங்கள். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிப் படம் காட்டுங்கள், பிறகு மற்றதை. ஒரு பக்கம் மூடும்போது மட்டும் கையைத் தட்டிவிட்டு அழுதால் மற்றக் கண் சோம்பிப் போயிருக்கலாம். அதற்கும் திரைக்கும் சம்பந்தமில்லை, ஆனால் வயது போகப் போகத் திருத்துவது கடினமாகும். அப்படியென்றால் இந்த வாரமே கண் டொக்டரிடம் காட்டுங்கள்.

திலகா, பம்பலப்பிட்டி
சொட்டு மருந்து விட்டால் பாடசாலைக்கு அனுப்பலாமா?

துஷாந்தி
கிட்டப் பார்வை மறுநாள் வரை மங்கலாக இருக்கும், வெயிலில் கூசும். வெள்ளிக்கிழமைப் பின்னேரம் எடுத்துக்கொள்ளுங்கள், திரும்பும்போது தொப்பி போட்டுவிடுங்கள்.