நுண்புழைக் குழாயில் எண்ணெய் சரியாக ஏறவில்லை: சூத்திரத்தில் பாகுநிலையை எங்கே சேர்ப்பது?

மதுமிதா
அவசரம். நாளை செய்முறை அறிக்கையை ஒப்படைக்க வேண்டும். நீருக்குச் சரியாக வந்த சூத்திரம் எண்ணெய்க்குத் தவறாக வருகிறது. பரப்பு இழுவிசை புத்தக மதிப்பில் பாதிதான் கிடைக்கிறது. எண்ணெய் கெட்டியாக இருப்பதால் அதன் பாகுநிலை ஏற விடாமல் தடுக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் T = hrρg/2 என்பதில் பாகுநிலையே இல்லை. அதை எங்கே சேர்க்க வேண்டும்?

செல்வம்
எந்த எண்ணெய்? குழாயின் உள் ஆரம் எவ்வளவு? நீர் எத்தனை செ.மீ. ஏறியது, எண்ணெய் எத்தனை? இவை தெரியாமல் யாரும் எதையும் சொல்ல முடியாது.

ராகவன்
சூத்திரத்தை ஒருமுறை தாமாகவே வருவித்துப் பார்த்தவர்கள் இதைக் கேட்க மாட்டார்கள். cosθ எங்கே போயிற்று? நீருக்குச் சேர்கோணம் சுழி என்பதால் அதை விட்டுவிட்டீர்கள். எண்ணெய்க்கு அப்படி விட முடியாது. நீரின் மேல் ஓடும் பூச்சியின் காலைப் பாருங்கள். மெழுகு பூசிய கால் நனைவதில்லை, அதனால்தான் மூழ்குவதில்லை. உங்கள் கண்ணாடியும் எண்ணெய்க்கு அப்படித்தான். அடிப்படையைப் படித்துவிட்டு வாருங்கள்.

தேவராஜ்
எனக்கும் இதே தொல்லை உண்டு. குளிர்காலக் காலையில் தையல் இயந்திரத்தின் துளையில் எண்ணெய் விட்டால் உள்ளே இறங்கவே மாட்டேன் என்கிறது. மெல்லிய எண்ணெய்க்கு மாறியதும் சரியாகிவிட்டது. நீங்களும் மாற்றிப் பாருங்கள்.

செல்வம்
தேவராஜ் ஐயா, அவர் பரப்பு இழுவிசையை அளக்கிறார். எண்ணெயை மாற்றினால் விடையே மாறிவிடும்.

மதுமிதா
விளக்கெண்ணெய். குழாய் உறையில் உள்விட்டம் 0.5 மி.மீ. என்று இருக்கிறது. நீர் 5.8 செ.மீ., எண்ணெய் 1.5 செ.மீ. நீரைத்தான் முதலில் அளந்தேன். எண்ணெய்க்கு வேறு புதுக் குழாய், அதே உறையிலிருந்து எடுத்தது.

செல்வம்
அடர்த்தியைச் சரியாகப் போட்டீர்களா? நீரின் அடர்த்தியையே போட்டிருந்தால்?

இளவேனில்
செல்வம், விளக்கெண்ணெயின் அடர்த்தி நீரின் அடர்த்தியில் 96 சதவீதம் இருக்கும். அதை மாற்றிப் போட்டாலும் 4 சதவீதப் பிழைதான் வரும், பாதி குறையாது.

மதுமிதா, ஆரம் 0.25 மி.மீ. என்று வைத்து உங்கள் நீர் அளவைப் போட்டால் 0.071 நியூட்டன்/மீட்டர் வருகிறது. அறை வெப்பநிலையில் நீருக்கு ஏறக்குறைய அதுதான் வர வேண்டும். எனவே அந்த உறையின் குழாய்களில் ஆரம் சரி. எண்ணெய்க்கு 0.018 வந்திருக்கும். வர வேண்டியது ஏறக்குறைய 0.036. அப்படியானால் எண்ணெய் 3 செ.மீ.க்குச் சற்று மேல் ஏறியிருக்க வேண்டும்.

ராகவன் சொல்வது போலச் சேர்கோணத்தால் இப்படி நேர வேண்டுமென்றால் cosθ பாதியாக வேண்டும், அதாவது θ 60 பாகை. அவ்வளவு பெரிய கோணம் கண்ணுக்கே தெரியும். எண்ணெயின் பிறைமட்டத்தை உருப்பெருக்கியில் பாருங்கள். ஓரம் கண்ணாடியோடு வழுக்கிக்கொண்டு மெல்லிய விளிம்பாக மேலே ஏறி ஆழ்ந்த கிண்ணம் போல இருந்தால் கோணம் சுழிக்கு அருகில். மேலோட்டமான குழியாக, ஓரம் கண்ணாடியைச் சாய்வாகத் தொட்டு நின்றால் ராகவன் சொல்வது சரி. சுத்தமான கண்ணாடியைத் தாவர எண்ணெய் நன்றாகவே நனைக்கும்.

எண்ணெயைக் குழாயில் விட்டு எத்தனை நேரம் கழித்து அளந்தீர்கள்?

மதுமிதா
ஒரு நிமிடம் இருக்கும். நீர் உடனே நின்றுவிட்டது. எண்ணெயும் அசையாமல் நிற்பது போலத்தான் தெரிந்தது. பிறைமட்டம் ஆழமான கிண்ணம்தான், நடு மட்டுமே தாழ்ந்திருக்கிறது.

இளவேனில்
அங்கேதான் விடை இருக்கிறது. பாகுநிலை எண்ணெய் ஏறும் வேகத்தைக் குறைக்கிறது. எங்கே நிற்பது என்பதில் அதற்குப் பங்கில்லை. பாகுநிலை இழுவை ஓட்டம் இருக்கும்வரைதான் உண்டு. எண்ணெய் நின்றதும் அதுவும் சுழியாகிவிடும். அப்போது மேலே இழுக்கும் பரப்பு இழுவிசையும் கீழே இழுக்கும் எடையும் மட்டுமே மிஞ்சும். சூத்திரம் அந்த நின்றுபோன நிலைக்கு எழுதப்பட்டது. அதில் பாகுநிலையைச் சேர்க்க இடமே கிடையாது.

உங்கள் எண்ணெய் இன்னும் நிற்கவில்லை. ஏற்றத்தின் நேர அளவு 8ηh/(ρgr²), h இறுதி உயரம். நீருக்கு இது ஒரு வினாடிக்கும் குறைவு. விளக்கெண்ணெயின் பாகுநிலை 25 டிகிரி செல்சியஸில் நீரின் பாகுநிலையைப் போல எழுநூறு மடங்கு வரை போகும். உங்கள் குழாய்க்கு அது ஏறக்குறைய 5 நிமிடம். இந்தக் கணக்கில் ஒரு நிமிடத்தில் இறுதி உயரத்தில் பாதிதான் ஏறும். நீங்கள் அளந்ததும் பாதிதான். அது நிற்பது போலத் தெரிந்ததற்குக் காரணம் உண்டு: பாதிக்கு மேல் ஏறிய பிறகு வேகம் வெகுவாகக் குறைந்துகொண்டே போகும். 95 சதவீதத்தை எட்ட 10 நிமிடம், 99 சதவீதத்துக்குப் பதினேழு பதினெட்டு நிமிடம்.

சோதித்துப் பார்க்க இரண்டு வழிகள். குழாயின் நுனியை மட்டும் எண்ணெயில் முக்கி 20 நிமிடம் அப்படியே விடுங்கள். ஆழமாக முக்கினால் எண்ணெய் கூடுதல் நீளத்துக்குள் தேய்ந்து வர வேண்டியிருப்பதால் இன்னும் தாமதமாகும். இன்னொரு குழாயில் எண்ணெயை முதலில் 5 செ.மீ. வரை உறிஞ்சி மேலே ஏற்றிவிட்டு அதே பாத்திரத்தில் நிறுத்துங்கள், அது இறங்கி வரும். கீழிருந்து ஏறுவதும் மேலிருந்து இறங்குவதும் சந்திக்கும் இடமே உங்கள் h. இரண்டும் சந்திக்கவில்லை என்றால் பொறுமை போதவில்லை என்று பொருள்.

நசீமா
கூடவே, எண்ணெயை 40 டிகிரிக்குச் சூடாக்கினால் பாகுநிலை மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் இறங்கிவிடும், பரப்பு இழுவிசையோ சில சதவீதம்தான் குறையும். சீக்கிரம் ஏறி ஏறக்குறைய அதே உயரத்தில் நின்றால் இளவேனில் சொன்னது உறுதி.

ராகவன், பூச்சியின் கால் பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே விட முடியாது. 2004இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு, மெழுகு மட்டும் தரும் சேர்கோணம் 105 பாகை என்றும் அந்தக் காலில் அளந்தால் 167 பாகை என்றும் காட்டியது. வித்தியாசம் காலின் மேல் நெருக்கமாகப் படிந்திருக்கும் நுண்ணிய முடிகளாலும் அவற்றின் நுண்பள்ளங்களில் சிக்கும் காற்றாலும் வருகிறது. ஒரு கால் மட்டுமே பூச்சியின் எடையைப் போலப் பதினைந்து மடங்கைத் தாங்கும்.

ராகவன்
மெழுகு இல்லாவிட்டால் அந்த முடிகள் நனைந்துபோகும், காற்று எங்கே சிக்கும்? மெழுகுதான் மூலக்காரணம்.

நசீமா
மெழுகு தேவை என்பதை மறுக்கவில்லை. மெழுகு போதும் என்பதைத்தான் மறுக்கிறேன். வழவழப்பான மெழுகுக் கம்பியை நீரில் வைத்து எவ்வளவு சுமை தாங்குகிறது என்று பாருங்கள்.

ராகவன்
கம்பியின் தடிமனையும் கணக்கில் கொள்ளுங்கள். காலின் கீழ் நீர் அமிழ்ந்து உண்டாகும் பள்ளத்தின் அழுத்தமும் தாங்குகிறது. அது மெழுகுக் கம்பிக்கும் உண்டு.

நசீமா
உண்டு, ஆனால் இவ்வளவு மெல்லிய காலுக்கு அது மிகச் சிறிய பங்கு.

தேவராஜ்
அப்படியானால் என் இயந்திரத்தில் பழைய எண்ணெயே போதுமா, பொறுமைதான் வேண்டுமா?

செல்வம்
மதுமிதா, என்ன ஆயிற்று?

மதுமிதா
கீழிருந்து 20 நிமிடத்தில் 3.0. மேலிருந்து இறக்கியது இப்போது 3.3, இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. 0.035 வந்துவிட்டது. அறிக்கை எழுதப் போகிறேன், நன்றி.

இளவேனில்
இறங்குவதும் நிற்கட்டும், பிறகு எழுதுங்கள். குழாயின் சுவரில் ஒட்டியிருக்கும் எண்ணெய் மெதுவாக வழிந்து வரும். அளந்த நேரத்தையும் வெப்பநிலையையும் அட்டவணையில் குறியுங்கள்.