பில்லில் கிலோவாட் மணிக்குப் பதில் கேவிஏ மணி: எலக்ட்ரிக்கல் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். நம் வீவக வீட்டு பில்லில் கிலோவாட் மணி மட்டும்தான் பார்த்திருக்கிறேன். புனேயில் தம்பி வைத்திருக்கும் பட்டறைக்கு உயர் அழுத்த இணைப்பு, அங்கே 2020 ஏப்ரலிலிருந்து அந்த வகை இணைப்புகளுக்கு கேவிஏ மணியில்தான் கணக்கு. போன மாதம் உண்மையில் வேலை செய்த மின்சாரம் 18,000 கிலோவாட் மணி, பில் போட்டது 22,500 கேவிஏ மணிக்கு. முன்னதைப் பின்னதால் வகுத்தால் பவர் ஃபேக்டர் 0.8. யூனிட் 8 ரூபாய் என்று வைத்தாலும் 36,000 ரூபாய் கூடுதல், பாவம், அவன் தூங்கவே இல்லை.

மோட்டார்கள் காந்தப்புலத்துக்காக இழுக்கும் மின்னோட்டம் வேலை செய்யாவிட்டாலும் கம்பியை நிரப்புகிறது, அதனால்தான் இந்தக் கணக்கு என்பது புரிகிறது. அதைச் சரிக்கட்ட 10 கேவிஏஆர் கெப்பாசிட்டர் ஏற்கெனவே மாட்டியிருக்கிறான். ஆனால் இரவில் மோட்டார்கள் நின்ற பிறகும் அது ஓடிக்கொண்டே இருக்கிறதாம்! 12 மணி நேரத்துக்கு ஏறத்தாழ 120 கேவிஏ மணி, மாதம் 3,600. அங்கே கெப்பாசிட்டர் இழுக்கும் லீடிங் மின்னோட்டமும் கணக்கில் சேரும் என்றால் பகலில் 18,900தான், அதாவது 0.95, அது நல்ல அளவுதானே?

என் சந்தேகம் சரியா? மீட்டரின் அரைமணி நேரப் பதிவை வாங்கி இரவு நேரத்தைப் பார்த்தால் தெரிந்துவிடுமா? அப்புறம், மோட்டாரோடு சேர்ந்து அணையும்படி கெப்பாசிட்டரை இணைத்தால் போதுமா, இல்லை தானியங்கி பேனல்தான் வேண்டுமா? இங்கே தொழிற்சாலை பராமரிப்பில் இருக்கும் அண்ணன்மார் யாராவது சொல்லுங்கள்.