25.5-ஐ வைத்து ஆடாதீங்க

மாடிப்படி: ஏற்றத்தாழ்வை 0-ல இருந்து 100 வரை அளக்கிற கினி எண், இந்தியாவுக்கு 2022-23ல 25.5. எண் சின்னதா இருந்தா சமத்துவம் அதிகம். அந்த வரிசையில ஸ்லோவாக்கியா, ஸ்லோவேனியா, பெலாரஸ், அடுத்தது நாமதான். கடும் வறுமை 2011-12ல 16.2 சதவீதம், 2022-23ல 2.3. ஏழை குறைஞ்சா ஏற்றத்தாழ்வும் குறையும்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும். இன்னும் யாருக்கு என்ன அழுகை?

தராசுமுள்: சின்னப் புள்ளைக்குத் தெரியும், உங்களுக்குத்தான் கணக்கு வராது. அஞ்சு வீடு எடுங்க. மாச வருமானம் 5, 6, 10, 20, 60 ஆயிரம். வறுமைக் கோடு 8 ஆயிரம்னா ரெண்டு வீடு ஏழை. எல்லாருக்கும் வருமானம் இரட்டிப்பாச்சுன்னா 10, 12, 20, 40, 120. ஏழை ஒருத்தரும் இல்லை. கினி பழைய இடத்துலயே நிக்கும், ஏன்னா அது பார்க்கிறது பங்கை. பணமா பார்த்தா மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் இடைவெளி 55 ஆயிரத்துல இருந்து 110 ஆயிரம். இப்போ பழைய கணக்குக்கே திரும்பி, 60 ஆயிரக்காரர் மட்டும் 30 ஆயிரத்துக்கு விழட்டும். கினி இறங்கும். அந்த ரெண்டு ஏழை வீட்டுல ஒரு பிடி அரிசி கூடியிருக்கா?

மாடிப்படி: அஞ்சு வீட்டுக் கதை வேணாம். 25.5 உலக வங்கி சொன்னது. அதுக்குப் பதில் சொல்லுங்க.

தராசுமுள்: அது செலவுக் கணக்கெடுப்புல வந்த 25.5. ஸ்லோவாக்கியாவுக்கும் ஸ்லோவேனியாவுக்கும் இருக்கிறது வருமானக் கணக்கு. 10 ஆயிரம் சம்பாதிக்கிறவர் 10 ஆயிரத்தையும் செலவழிச்சுடுவார். 5 லட்சம் வர்றவர் 1 லட்சம் செலவழிச்சு மீதியைப் பத்திரம், நிலம்னு போடுவார். வருமானத்துல 50 மடங்கு, செலவுல 10 மடங்கு. செலவை வச்சுப் பார்த்தா பொதுவா ஒரு நாடு வருமானக் கணக்கைவிடச் சமத்துவமாத்தான் தெரியும். உலக வங்கியோட அதே குறிப்புலயே, வருமானக் கினி 2004ல 52ஆ இருந்து 2023ல 62 ஆச்சுன்னும் போட்டிருக்கு. அந்த வரி மட்டும் எப்படிக் கண்ணுல படல?

வெட்டிவேர்: பணக்காரங்க சொத்து வருஷா வருஷம் ஏறுது, பத்திரிகை எல்லாம் போடுது. அப்புறம் எப்படி ஏற்றத்தாழ்வு குறையும்?

தராசுமுள்: இங்க யாரும் சொத்தைப் பேசல.

நெல்மணி: தராசுமுள் பாதியைத்தான் சொல்றார். அந்த 62, அரசு வரி பிடிக்கிறதுக்கு முந்தைய வருமானத்தை வச்சுப் போட்டது. மாசம் தலைக்கு 5 கிலோ இலவச தானியம் அதுல வராது. 2022-23 கணக்கெடுப்புல கிராமத்துத் தலைக்குச் செலவு 3,773 ரூபாய், இலவசப் பொருளுக்கு விலை போட்டா 3,860. இந்த 87 ரூபாய் பணக்காரனுக்கு ஒண்ணுமில்ல, கோட்டுக்கு ஒட்டி நிக்கிறவனை அது மேல தள்ளும். வறுமை குறையும், மேல இருக்கிறவன் வருமானத்தை அது தொடவே தொடாது. ரெண்டு எண்ணும் ஒண்ணுக்கொண்ணு முரண் இல்ல.

மாடிப்படி: பாருங்க, அப்போ 25.5 சரிதான்!

நெல்மணி: நான் அதைச் சொல்லவே இல்ல.

தராசுமுள்: 25.5-க்கு இன்னொரு ஓட்டை. 2011-12 கேள்வித்தாளும் 2022-23 கேள்வித்தாளும் ஒண்ணில்ல. 2022-23ல கேள்விகளைப் பிரிச்சு, மூணு தடவை வீட்டுக்குப் போய்க் கேட்டாங்க. ஒரே மூச்சுல கேட்காம பிரிச்சுக் கேட்டா கணக்குல செலவு கூடலாம். முறை மாறினதை ஒதுக்கிட்டு ரெண்டு வருஷத்தையும் அப்படியே பக்கத்துல வைக்க முடியாது. அதோட, பெரிய பணக்காரங்க கதவைத் திறந்து பதில் சொல்றதே அபூர்வம்.

மாடிப்படி: அதுக்குத்தான் நகரத்துல 10 லட்சத்துக்கு மேல கார் வச்சிருக்கிற வீடுகளைத் தனி அடுக்கா பிரிச்சு மாதிரி எடுத்தாங்க. படிக்காம பேசாதீங்க.

தராசுமுள்: பட்டியல்ல பேர் வந்தா வாய் திறப்பாங்களா? காவலாளி வாசல்லயே திருப்பி அனுப்பிட்டா மாதிரி என்ன பண்ணும்? சீனாவைப் பாருங்க. 1980கள்ல இருந்து கோடிக்கணக்கான பேரை வறுமையில இருந்து தூக்கி விட்டாங்க. அவங்க அரசுப் புள்ளிவிவரத்துலயே 2008ல கினி 0.491, அதாவது இங்க பேசுற கணக்குல 49.1. அங்க யாராவது 'வறுமை போச்சு, அதனால சமத்துவம் வந்துச்சு'ன்னு ஆடினாங்களா?

மாடிப்படி: போன மாசம் அரிசி விலை இழையிலயும் இப்படித்தான் சீனாவுக்கு ஓடினீங்க. கடைசி வரைக்கும் பதில் வரல.

தராசுமுள்: அந்த இழையில கிலோவையும் குவிண்டாலையும் குழப்பினது நீங்க. எடுத்துக் காட்டவா?

வெட்டிவேர்: ஒரு சந்தேகம். கினியா, ஜீனியா?

நெல்மணி: இத்தாலிக்காரர் பேர். ஜீனிதான்.

மாடிப்படி: ஜீனின்னா எங்க ஊர்ல சர்க்கரை. இதுவும் ரேஷன்ல குடுப்பாங்களா? 😂

தராசுமுள்: 62-க்கு இன்னும் பதில் வரல.

மாடிப்படி: 25.5-க்கு வந்துச்சா?